ஃபேபர் மலையும் கெப்பல் துறைமுகமும்: 'கேப்டன்' என்னும் பதவிப்பெயரின் இரு வழிகள்

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஃபேரர் பார்க் திடலில் 1942ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாள் பல்லாயிரம் இந்தியப் படைவீரர்கள் திரட்டப்பட்டனர். அவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 45,000 எனப் பல நூல்கள் கூறுகின்றன. பிரிட்டிஷ் தரப்பில் லெப்டினன்ட் கர்னல் ஹண்ட் அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். ஃபுஜிவாரா, ஜித்ராப் போருக்குப் பின் தம்முடன் இணைந்த மோகன் சிங்கிடம் அவர்களை ஒப்படைத்தார். மோகன் சிங் அப்போது பதினான்காம் பஞ்சாப் ரெஜிமெண்டின் முதலாம் பட்டாலியனைச் சேர்ந்த ஒரு கேப்டன்.

இந்நிகழ்ச்சியை வகுப்பில் எடுத்துரைக்கும்போது மாணவர்கள் பெரும்பாலும் வியப்படைவதில்லை. 'கேப்டன்' என்றால் தலைவர்தானே, தலைவரிடம் படையை ஒப்படைத்ததில் என்ன விந்தை என்பது அவர்களின் எண்ணம். அன்று அத்திடலில் நின்ற அதிகாரிகளுக்கோ அது பெரும் விந்தையாக இருந்தது. தரைப்படைக் கேப்டன் என்பவர் நூறு பேர் அளவிலான ஒரு கம்பெனியோடு தொடர்புடைய இளநிலை அதிகாரி. சரணடைந்தவர்களுள் லெப்டினன்ட் கர்னல் நிரஞ்சன் சிங் கில் போன்ற, அவரினும் இரண்டு படி உயர்ந்தோர் இருந்தனர். தமக்குக் கீழ்ப்பட்ட ஒருவரின் ஆணைக்கு உட்பட வேண்டிய நிலை முதலாம் இந்திய தேசிய இராணுவத்தில் ஏற்படுத்திய மனக்கசப்பைப் பதவிநிலையின் பொருளை அறியாமல் புரிந்துகொள்ள இயலாது. அதே சமயம் அந்த ஒப்படைப்பு ஒரு கடற்படைக் கேப்டனிடம் நிகழ்ந்திருந்தால், கில்லுக்கு மேற்பட்ட ஒருவரிடம் படை ஒப்படைக்கப்பட்டதாக அது அமைந்திருக்கும். ஒரே சொல் இவ்வாறு இரு தளங்களில் நிற்பது ஏன் என்பதையே இங்கு நோக்குகிறோம்.

சொல்லின் வேர் எளிது. இலத்தீனில் தலையைக் குறிக்கும் 'கபுட்' என்னும் சொல்லினின்று 'தலைவன்' என்னும் பொருளில் இது பிறந்தது. போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழில் 'கப்பித்தான்' என்றும், மலாயில் 'கப்பித்தான்' என்றும் வழங்கியது. பினாங்கில் உள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரில் வரும் 'கப்பித்தான்' படைப்பதவியையும் குறிக்காது, கப்பல் பதவியையும் குறிக்காது. தென்னிந்திய முஸ்லிம் சமூகத்தின் தலைவரையே குறிக்கும். தொடக்கத்தில் இச்சொல் ஒரு படிநிலையைக் குறிக்கவில்லை, தலைமையை மட்டுமே குறித்தது என்பதற்கு நமக்கு மிக அருகில் உள்ள சான்று இதுவே எனலாம்.

இடைக்கால ஐரோப்பாவில் ஆள் திரட்டிக் கூலிக்குப் போரிட்ட கூட்டமே 'கம்பெனி'. அதன் உரிமையாளரும் தலைவரும் கேப்டன். அவர் இல்லாதபோது அவரிடத்தைப் பற்றி நிற்பவர் லெப்டினன்ட். அச்சொல்லின் நேர்ப்பொருளே 'இடம் பற்றுபவர்' என்பதாகும். அக்காலத்தில் கேப்டனுக்கு மேல் நிலையான பதவி என எதுவும் பெரிதாக இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் போர்முறை மாறியது. பல கம்பெனிகள் ஒன்றிணைக்கப்பட்டு, அவற்றின் தலைமையில் கர்னல் அமர்த்தப்பட்டார். நாளடைவில் அவருக்குத் துணையாக லெப்டினன்ட் கர்னலும் மேஜரும் வந்தனர். கேப்டன் எங்கும் நகரவில்லை. தம் கம்பெனியிலேயே இருந்தார். ஆனால் அவர் தலைக்கு மேல் மூன்று தளங்கள் எழும்பிவிட்டன.

இம்மாற்றத்தின் வடு ஒரு வேடிக்கையான பதவியில் நெடுங்காலம் தங்கியிருந்தது. பழைய வழக்கப்படி கர்னலும் பெயரளவில் ஒரு கம்பெனிக்குச் சொந்தக்காரர். ஆனால் ரெஜிமெண்ட் முழுவதையும் பார்க்க வேண்டியிருந்ததால் அக்கம்பெனியை உண்மையில் நடத்தியவர் அவருடைய லெப்டினன்ட். அவரைக் 'கேப்டன் லெப்டினன்ட்' என்றே பிரிட்டிஷ் படை பதினெட்டாம் நூற்றாண்டில் அழைத்தது. கர்னல் என்பவர் மேலேறிய ஒரு கேப்டனே என்பதைப் படை தன் சொல்வழக்கிலேயே ஒப்புக்கொண்டதாக இதனைக் கொள்ளலாம். இருபதாம் நூற்றாண்டில் கம்பெனியின் அளவு பெருகியதும், பிரிட்டிஷ் மரபுப் படைகளில் அதன் பொறுப்பும் பெரும்பாலும் மேஜரிடம் சென்றது. கேப்டன் தாம் பெயர் கொடுத்த இடத்தையே இழந்தார்.

கடலில் கதை வேறு. இடைக்காலத்தில் போருக்கெனத் தனிக்கப்பல்கள் குறைவு. அரசன் வணிகக் கப்பலை வாடகைக்கு எடுத்தான். கப்பலைச் செலுத்துபவர் அதன் 'மாஸ்டர்', நம் இலக்கியம் கூறும் மீகாமனுக்கு நிகரானவர். போரிடுவதற்கு ஏறிய வீரர்களுடன் அவர்களின் கேப்டனும் ஏறினார். எனவே கப்பலில் முதலில் கால் வைத்த கேப்டன் ஒரு தரைப்படையினரே. போர்க்கப்பல்கள் நிலைபெற்றபோது முழுக் கப்பலின் ஆணையும் கேப்டனிடம் வந்தது. வழிசெலுத்தும் கலை மாஸ்டரிடம் தங்கியது.

இங்கிருந்துதான் இரு வழிகளும் பிரிகின்றன. கம்பெனியைக் கம்பெனியோடு சேர்த்து ரெஜிமெண்ட் ஆக்கலாம்; அதற்கு மேலே ஒருவரை அமர்த்தி, அவர் குதிரைமீது வந்து அன்றாடம் மேற்பார்க்கலாம். கப்பலைக் கப்பலோடு அவ்வாறு ஒட்ட முடியாது. துறைமுகத்தை விட்டு நீங்கிய கப்பலுக்குப் பல திங்கள் எந்த ஆணையும் எட்டாது. அதனால் கப்பலுக்கும் கடற்படைத் தளபதியாகிய அட்மிரலுக்கும் இடையே கர்னலைப் போன்ற நிலையான படிகள் பல முளைக்கவில்லை. மாறாக, கப்பல்கள் பெருகிச் சிறிதும் பெரிதுமாகப் பிரிந்தபோது கேப்டனுக்குக் கீழேதான் புதிய படிகள் தோன்றின. பிரிட்டிஷ் கடற்படையில் ஆறு தரங்களுள் அடங்கிய பெரிய கப்பலின் தலைவரே முழுமையான கேப்டன். அத்தரங்களுக்குள் வராத சிறு கப்பலை நடத்தியவர் 'மாஸ்டர் அண்ட் கமாண்டர்'. 1794 முதல் அது 'கமாண்டர்' எனச் சுருங்கியது. மிகச் சிறிய கலத்தை ஒரு லெப்டினன்டே நடத்தினார். தரைப்படை கேப்டனின் மேல் மாடி கட்டியது. கடற்படை அவருக்குக் கீழே படி வெட்டியது.

இரு படையினரும் ஒரே மேசையில் அமர நேர்ந்தபோது இது பூசலுக்கு இடம் தரும் அல்லவா? அதனால் 1748இல் பிரிட்டனில் ஓர் ஒப்புநிலை வகுக்கப்பட்டது. மூன்றாண்டு நிறைந்த கடற்படைக் கேப்டன் கர்னலுக்கு நிகர். மூன்றாண்டு நிறையாதவர் லெப்டினன்ட் கர்னலுக்கு நிகர். கமாண்டர் மேஜருக்கும், கடற்படை லெப்டினன்ட் தரைப்படைக் கேப்டனுக்கும் நிகர்.

இவ்வட்டவணையை விளக்கச் சிங்கப்பூரில் தனியே எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. நகரின் தென்கரையிலேயே அது மலையாகவும் துறையாகவும் நிற்கிறது. தெலுக் பிளாங்கா மலை 1845இல் ஃபேபர் மலை எனப் பெயர் மாற்றம் பெற்றது. சார்ல்ஸ் எட்வர்டு ஃபேபர் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன். 1844இல் இங்கு வந்த மேற்பார்வைப் பொறியாளர். மலையுச்சியில் கப்பல்களுக்குச் சைகை காட்டும் கொடிமரம் அமைக்க வழி வெட்டப்பட்டதை ஒட்டி அப்பெயர் சூட்டப்பட்டது. அம்மலையடியில் இருப்பது கெப்பல் துறைமுகம். ஹென்றி கெப்பல் 1848இல் 'மியாண்டர்' என்னும் போர்க்கப்பலின் கேப்டனாக இங்கு வந்து, அவ்வாய்க்காலின் ஆழ்நீர் நங்கூரமிடத் தக்கது என்பதைக் கண்டார். 'புதிய துறைமுகம்' எனப்பட்ட அவ்விடத்திற்கு, முதிய அட்மிரலாக அவர் மீண்டும் வந்த 1900ஆம் ஆண்டில் அவர் பெயரே இடப்பட்டது.

நாற்பதுகளின் ஆவணங்களில் இருவரும் 'கேப்டன்' என்றே வருவர். ஆயின் கெப்பல் 1837இலேயே கேப்டன் நிலை எய்தியவர். 1848இல் அவருக்குப் பதினோராண்டு மூப்பு. மேற்கண்ட விதிப்படி அவர் கர்னலுக்கு நிகரானவர். ஃபேபருக்கு நிகரானவர்களோ கெப்பலின் கப்பலில் அவருடைய ஆணைக்குட்பட்டுப் பணியாற்றிய லெப்டினன்ட்கள். அதாவது மலைக்கும் துறைக்கும் இடையே மேஜர், லெப்டினன்ட் கர்னல் என்னும் இரு பதவிகள் நிற்கின்றன. ஆவணத்தை மொழிபெயர்ப்பவர் இருவரையும் 'படைத்தலைவர்' என எழுதிவிட்டால் இவ்விடைவெளி முற்றிலும் மறைந்துவிடும். நம் மாணவர் கட்டுரைகளில் இப்பிழையை நாம் பலமுறை திருத்தியிருக்கிறோம். நம்முடைய பழைய குறிப்பேடு ஒன்றிலும் அது இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிழையைக் கண்டறிய ஒரு வழி உண்டு. பெயருக்கு முன் 'கேப்டன்' எனக் கண்டால், அவருக்குக் கீழே யார் குறிக்கப்படுகிறார் என்று பார்க்க வேண்டும். கமாண்டர் கீழே இருந்தால் அது கடற்படை. சுபேதாரும் லெப்டினன்டும் மட்டும் கீழே இருந்து மேஜர் மேலே இருந்தால் அது தரைப்படை. இன்னொரு சிக்கல், பதவிநிலையும் பணிப்பெயரும் கலப்பது. ஒரு ரோந்துப் படகை நடத்தும் லெப்டினன்டும் அப்படகில் உள்ளோருக்குக் 'கேப்டன்'தான். வணிகக் கப்பலின் தலைவரும் விமானத்தின் முதல் விமானியும் அவ்வாறே. இவர்களை எந்த ஒப்புநிலை அட்டவணையிலும் வைக்கலாகாது.

சிங்கப்பூரில் இவ்விதிக்கே ஒரு புறநடை இருப்பது பலர் அறியாதது. 1967இல் தன்னார்வப் படையாகத் தொடங்கி, 1975இல் இன்றைய பெயர் பெற்ற சிங்கப்பூர்க் குடியரசுக் கடற்படை, கர்னல் வரை தரைப்படையின் பதவிப்பெயர்களையே வழங்குகிறது. அதற்கு மேல்தான் ரியர் அட்மிரல் முதலிய கடற்பெயர்கள் வருகின்றன. மூன்று படைகளும் ஒரே ஆயுதப்படையின் உறுப்புகளாக வளர்ந்ததே இதற்கு அடிப்படை எனக் கருதுகிறோம். ஆகவே நம் கடற்படையில் கேப்டன் என்பவர் ஃபேபரின் நிலையில் இருப்பவர், கெப்பலின் நிலையில் அல்லர். இந்திய, சிங்கப்பூர்க் கடற்படைகள் 1994 முதல் கூட்டுப்பயிற்சி நடத்திவருகின்றன. அத்தகைய பயிற்சியில் இந்திய நாசகாரிக் கப்பலின் தலைவர் 'கேப்டன்' எனவும், சிங்கப்பூர் ஃபிரிகேட்டின் தலைவர் 'லெப்டினன்ட் கர்னல்' எனவும் செய்தியில் வருவர். அவர்களுள் மூத்தவர் இந்தியர். செய்தியைப் படிக்கும் இந்நாட்டு இளைஞரோ, தேசிய சேவையில் தாம் கண்ட கேப்டனை எண்ணி, எதிர்மாறாகவே புரிந்துகொள்வார். 'கேப்டன், கர்னலுக்கு நிகரானவர்' என்று மொழிபெயர்ப்பாளர் இரண்டு சொல் சேர்த்தால் போதும்.

மீண்டும் இந்திய தேசிய இராணுவத்திற்கு வருவோம். 1945 நவம்பரில் செங்கோட்டையில் தொடங்கிய வழக்கில் ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சேகல் ஆகிய இருவரும் 'கேப்டன்' என்றே விளிக்கப்பட்டனர். தேசிய இராணுவத்தில் முன்னவர் மேஜர் ஜெனரல், பின்னவர் கர்னல். அந்நிலைகளைப் பிரிட்டிஷார் ஏற்கவில்லை. அவர்களின் கணக்கில் குற்றம் சாட்டப்பட்டோர் தம் படையை விட்டு நீங்கிய கேப்டன்களே. இவ்வழக்கில் 'கேப்டன்' என்பது ஒருவரின் பழைய படியை நினைவூட்டி, புதிய படியை மறுக்கும் சொல்லாயிற்று.

சேகலை 1947இல் மணந்த மருத்துவர் இலட்சுமியின் செய்தி இதற்கு நேர்மாறானது. 1943இல் சிங்கப்பூரில் உருவான ஜான்சி ராணி ரெஜிமெண்டிற்கு அவர் தலைமை ஏற்றார். ஒரு ரெஜிமெண்டைக் கேப்டன் நடத்துவது படைவிதிக்குப் பொருந்தாது. அவருடைய பதவியும் பின்னர் உயர்ந்தது. ஆனால் மக்கள் அவ்வுயர்வைப் பொருட்படுத்தவில்லை. 2012இல் அவர் மறையும் வரை, தமிழகத்திலும் இங்கும் அவர் 'கேப்டன் இலட்சுமி'யாகவே வழங்கப்பட்டார். அப்பெயரைச் சொன்னவர்களின் மனத்தில் கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. பினாங்குக் கப்பித்தானிடம் இருந்த அந்தப் பழைய பொருளே இருந்தது.