களத்துக் குவியல் சைலோவுக்குள் ஏறிய கதை

அறுவடை முடிந்த நேரத்தில் மயிலாடும்பாறைப் பக்கம் போனால், காய்ந்த மக்காச்சோளத்தைக் களத்தில் குவித்து வைத்திருப்பார்கள். கொட்டுகிறவர் யாராக இருந்தாலும் குவியல் ஒரே சாய்வில்தான் நிற்கும். மேலும் இரண்டு கூடை கொட்டினால் மணிகள் சரிந்து இறங்கி அடி அகலமாகும், உச்சியும் கொஞ்சம் ஏறும், ஆனால் சாய்வு மாறாது. தானியம் தனக்குத் தானே அமைத்துக்கொள்ளும் இந்தக் கூம்பை அளக்கத்தான் மனிதர்கள் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கணக்குப் போட்டிருக்கிறார்கள். தீவன ஆலைகளில் நிற்கும் இரும்பு சைலோவின் கொள்ளளவும் அந்தக் கணக்கின் வாரிசுதான்.

முதலில் கிடைத்தது கூம்பு அல்ல, உருளை. எகிப்தில் ஆமோஸ் என்ற எழுத்தர் கி.மு. 1550 வாக்கில் ஒரு பழைய சுவடியைப் பார்த்துப் படியெடுத்தார். அதில் வட்டமான களஞ்சியம் ஒன்று வருகிறது: விட்டம் 9 முழம், உயரம் 10 முழம். விட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கைக் கழி, மிச்சம் 8. அதை அதனாலேயே பெருக்கு, 64. உயரத்தால் பெருக்கினால் 640 கன முழம். இன்றைய வாய்பாட்டில் போட்டால் 636 வரும். வேறுபாடு ஒரு சதவீதம்கூட இல்லை. 1858இல் அலெக்சாண்டர் ரிண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லக்சர் நகரில் அந்தச் சுவடியை விலைக்கு வாங்காமல் இருந்திருந்தால் இந்தக் கணக்கு நம் கைக்கு வந்திருக்குமோ என்னவோ.

கூம்பு என்பது அதே அடியும் உயரமும் கொண்ட உருளையில் மூன்றில் ஒரு பங்கு. இதைக் கண்டுசொன்னவர் டெமாக்ரிட்டஸ், நிறுவியவர் யூடாக்ஸஸ் என்று ஆர்க்கிமிடீஸ் எழுதிவைத்தார். நம் பக்கம் ஆரியபட்டர் 499இல் கூர்முனை உருவத்தின் கன அளவைச் சொல்லும்போது மூன்றில் ஒன்றுக்குப் பதிலாகப் பாதி என்று எழுதிவிட்டார். 628இல் பிரம்மகுப்தர் மூன்றில் ஒன்று என்று சரியாகச் சொன்னார்.

அறிஞர்கள் இப்படிக் கூம்பை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, வரி வாங்குகிறவர்களுக்கு வேறு கவலை. குவியலுக்குள் கோல் விட்டு ஆரத்தை அளக்க முடியாது. சுற்றிக் கயிறு போடத்தான் முடியும். அதனால் சீனத்தின் ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற கணித நூல் தரையில் கிடக்கும் தானியத்துக்கு ஒரு குறுக்குவழி கொடுத்தது: சுற்றளவை அதனாலேயே பெருக்கி, உயரத்தால் பெருக்கி, 36ஆல் வகு. பல நூற்றாண்டுகள் கழித்து, 1150இல் பாஸ்கரர் தம் லீலாவதியில் சொன்னது: சுற்றளவில் ஆறில் ஒரு பங்கை அதனாலேயே பெருக்கி, உயரத்தால் பெருக்கு. இரண்டும் ஒன்றேதான். சுவரோரம் கிடக்கும் குவியலுக்கும், மூலையில் கிடக்கும் குவியலுக்கும் இரண்டு நூல்களும் தனித்தனியே வழி சொல்கின்றன. வணிகர் கொண்டுபோனதா, களத்தில் நிற்பவன் எந்த நாட்டிலும் இதைத்தான் கண்டுபிடிப்பானா என்பது சுவையான கேள்வி.

பாஸ்கரர் இன்னொரு படி மேலே போனார். உயரத்தையும் அளக்க வேண்டாம் என்றார். பருத்த தானியமானால் சுற்றளவில் பத்தில் ஒரு பங்கு உயரம், நுண்ணிய தானியமானால் பதினொன்றில் ஒரு பங்கு, நெல்லைப் போல் சுணையுள்ளதானால் ஒன்பதில் ஒரு பங்கு. இதைக் கோணமாக மாற்றிப் பாருங்கள்: 32, 30, 35 பாகை. இன்று ஆய்வுக்கூடத்தில் தானியத்தின் ஓய்வுக் கோணம் என்று அளப்பதும் இதைத்தான். சுணையுள்ள மணி ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இன்னும் செங்குத்தாக நிற்கும் என்பது வரை அவர் விதியில் அடங்கியிருக்கிறது. அவர் கொடுத்த எடுத்துக்காட்டில் பருத்த தானியக் குவியலின் சுற்றளவு 60 முழம். உயரம் 6, கன அளவு 600 கன முழம். பை மதிப்பை 3 என்று வைத்ததால் உண்மையைவிட ஐந்து சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுகிறது. சரியான விடை 573.

கணக்கு இத்தனை தெளிவாக இருந்தும் கட்டடக்காரர்கள் கோட்டை விட்டதுண்டு. 1770 பஞ்சத்துக்குப் பிறகு பாட்னாவில் கேப்டன் ஜான் கார்ஸ்டின் கட்டி, 1786இல் முடித்த கோல்கர் களஞ்சியம் 29 மீட்டர் உயரம். கதவுகள் உள்பக்கம் திறப்பவை என்பதால், நிறைந்தால் திறக்க முடியாது என்பார்கள். அது 1,40,000 டன் கொள்ளும் என்று இன்றும் எழுதுகிறார்கள். வெளிச்சுற்று சுமார் 125 மீட்டர், அடியில் சுவர்க்கனம் 3.6 மீட்டர். உள்விட்டம் 33 மீட்டரைத் தாண்டாது. குவிமாடத்தை முழு உருளையாகவே எடுத்துக்கொண்டாலும் 25,000 கன மீட்டர் வராது. அதில் கோதுமை 20,000 டன்கூடக் கொள்ளாது.

தானியம் மேலிருந்து விழத் தொடங்கியது அமெரிக்காவில். 1780களில் ஆலிவர் எவன்ஸ் தம் மாவு ஆலைக்கு வாளிகள் கோத்த பட்டையைச் செய்தார். 1842இல் பஃபலோ துறைமுகத்தில் ஜோசப் டார்ட் என்ற வணிகர் அந்த யோசனையை எடுத்து, நீராவி எந்திரம் பூட்டி, கப்பலில் வந்த தானியத்தை உயரத்துக்கு ஏற்றினார். எவன்ஸைப் பார்த்துச் செய்ததை அவர் மறைக்கவில்லை. 1899இல் மினசோட்டாவில் பீவியும் ஹாக்லினும் வட்டமான கான்கிரீட் கோபுரம் எழுப்பினார்கள். வெடித்துவிடும் என்று ஊர் காத்திருந்தது. நிரப்பி, அடுத்த ஆண்டு காலி செய்தபோதும் அது விரிசலில்லாமல் நின்றது.

தட்டையான அடி இருந்தால் கடைசித் தானியத்தை ஆள் இறங்கித்தான் வார வேண்டும். அதனால் களத்துக் கூம்பைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் பொருத்தினார்கள். சரிவு தானியத்தின் ஓய்வுக் கோணத்தைவிடச் செங்குத்தாக இருந்தால்தான் மணி தானே இறங்கும். மக்காச்சோளத்துக்கு 45 பாகை வைப்பது வழக்கம்.

இப்போது ஒரு சைலோவை எடுத்துக்கொள்வோம். விட்டம் 4 மீட்டர், உருளை 6 மீட்டர், அடிக்கூம்பு 2 மீட்டர். உருளையில் 75.4 கன மீட்டர், கூம்பில் 8.4, மொத்தம் 83.8. நன்றாகக் காய்ந்த மக்காச்சோளம் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 720 கிலோ என்றால் 60 டன். உயரத்தில் பாதி, அதாவது 4 மீட்டர் வரை நிறைந்தால் சரக்கும் பாதி என்று நினைக்கக் கூடாது, அது 40 சதவீதம்தான். கூம்புக்குள் மட்டும் பாதி உயரம் என்றால் அதன் கொள்ளளவில் எட்டில் ஒரு பங்கே இருக்கும்.

பெரிய பிழை மேற்பரப்பில் வருகிறது. நடுவிலிருந்து கொட்டுவதால் சைலோவுக்குள்ளும் களத்துக் குவியல் உருவாகிறது. சுவரோரம் உருளையில் 3 மீட்டர் உயரத்தில் தானியம் நிற்கிறது, சரிவு 25 பாகை என்றால் உச்சி 93 சென்டிமீட்டர் மேலே இருக்கும். உண்மைச் சரக்கு 50 கன மீட்டர், 36 டன். நடுவில் நாடாவை இறக்கி, மேற்பரப்பு சமம் என்று எடுத்தவருக்கு 41.6 டன் வரும். ஐம்பது கிலோ மூட்டையில் நூற்றுக்கு மேல் இல்லாத சரக்கு இருப்பில் ஏறிவிட்டது. அடியில் திறந்து எடுத்த பிறகு நடு குழிந்துவிடும். அப்போது அதே நாடா அதே அளவு குறைத்துக் காட்டும். இருப்பு திடீரெனக் குறைந்தது போல் தெரிந்து, காவலாளி மேல் பழி விழும்.

இதற்கு மருந்து அந்தப் பழைய மூன்றில் ஒன்றிலேயே இருக்கிறது. குவியல் மேலே கூம்பினாலும் கீழே குழிந்தாலும், மையத்திலிருந்து ஆரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி இருக்கும் இடத்தில்தான் சராசரி மட்டம் விழும். நம் சைலோவில் அது சுவரிலிருந்து 67 சென்டிமீட்டர். மேலே அளவு நாடா விடும் துளையை அங்கே வைத்தால் போதும். கொட்டும் குழாய் நடுவில் இல்லாமல் ஓரமாக இருந்தால் இந்த விதி பொருந்தாது, பல இடத்தில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். ஈரத்தைப் பொறுத்துக் கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்பதும் மாறும், அதை ஒவ்வொரு லோடுக்கும் எடை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரச் சரக்கு அடியில் பாலம் போல் கட்டி நின்றுவிட்டால், வாய் திறந்தும் தானியம் இறங்காது, மேல்மட்டமும் அசையாது. அதைக் குத்திவிட ஆளை உள்ளே இறக்காதீர்கள். பாலம் உடைந்தால் சில நொடிகளில் ஆள் மூழ்கிப்போவார். வெளியிலிருந்து நீளக் கம்பியால்தான் கலைக்க வேண்டும்.