60-ல் முடியும் கடன், 65-ல் முடியும் கடன்

வீட்டுக் கடன் கேட்கும் இருவர். இருவருக்கும் வயது 48, மாத வருமானம் 60,000 ரூபாய். ஒருவர் தனியார் நிறுவனத்தில் சம்பளக்காரர், மற்றவர் ஹார்டுவேர் கடைக்காரர். ஆனாலும் இருவருக்கும் ஒரே தொகை கிடைப்பதில்லை.

கடைசித் தவணை கட்டும் நாளில் கடன் வாங்கியவருக்கு என்ன வயது இருக்கும் என்று வங்கி பார்க்கிறது. சம்பளக்காரருக்குப் பெரும்பாலும் ஓய்வு பெறும் வயதுதான் எல்லை. அது 60 என்றால் 12 ஆண்டுதான் மிச்சம். கடைக்காரருக்கு ஓய்வு நாள் என்று ஒன்று இல்லாததால் 65 வரை, சில இடங்களில் 70 வரைகூடப் போகிறார்கள். 65 என்றே வைத்தால் 17 ஆண்டு.

வருமானத்தில் பாதி, அதாவது 30,000 ரூபாய் தவணைக்குப் போகலாம், வட்டி 8.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சம்பளக்காரருக்குச் சுமார் 27 லட்சம் கிடைக்கும். கடைக்காரருக்கு 32 லட்சத்துக்குச் சற்று மேல். ஐந்து லட்சம் வித்தியாசம் வருமானத்தால் வந்ததல்ல, முழுக்க அந்த ஐந்து ஆண்டுகளால் வந்தது.

கடைக்காரர்தான் கொடுத்துவைத்தவர் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. அதே 27 லட்சத்தை அவர் 17 ஆண்டில் கட்டினால் தவணை 25,000 ரூபாய்க்கு இறங்கும். மொத்த வட்டியோ 16 லட்சத்திலிருந்து 24 லட்சமாக ஏறும். 63, 64 வயதிலும் கடை இதே வருமானம் தருமா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. சம்பளக்காரருக்கு விதிக்கும் எல்லை கடுமையாகத் தெரிந்தாலும், ஓய்வுக்குப் பிறகு தவணை தொடராமல் அது காக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

இருவரும் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மாறும் வட்டிக் கடனில் வட்டி ஏறினால், தவணையை அப்படியே வைத்து மாதங்களைக் கூட்டுவதே வழக்கம். தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டிலும் கொஞ்சமா என்று வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்க வழிசெய்யச் சொல்லி 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஆனால் வயது எல்லையை ஏற்கெனவே தொட்டுவிட்டவருக்குக் காலத்தை நீட்ட இடமே இருக்காது. சம்பளக்காரருக்குத் தொடக்கத்திலேயே வட்டி ஒரு சதவீதம் ஏறினால் தவணை சுமார் 1,500 ரூபாய் கூடும்.

சம்பாதிக்கும் மகனையோ மகளையோ கூட்டுக் கடன்தாரராகச் சேர்த்தால் காலம் நீளக்கூடும். எல்லா இடத்திலும் அப்படி இல்லை: சிலர் இளையவர் வயதைப் பார்க்கிறார்கள், சிலர் மூத்தவர் வயதிலேயே நிற்கிறார்கள், இன்னும் சிலர் மூத்தவரின் வருமானத்தை 60 வரை மட்டும் சேர்க்கிறார்கள். “யார் வயதை வைத்துக் காலம் போடுவீர்கள்?” என்று விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். அனுமதிக் கடிதம் வந்ததும், அதிலுள்ள மாதங்களை இப்போதைய வயதோடு கூட்டிப் பார்த்தால் எந்த வயதைப் பிடித்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.