ஜன்னலுக்கு வெளியே ஒரு 90ஸ் கிட்

எங்கள் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஒரு மீம் போட்டேன். சிலேட்டுக் குச்சி, ரெனால்ட்ஸ் பேனா, கேசட்டுக்குள் செருகிய பென்சில், சக்திமான், ‘சித்தி’ சீரியல், ‘மெட்டி ஒலி’, கீழே ஒரு டிவி முன்னால் தெருவே உட்கார்ந்திருக்கும் படம். 90ஸ் கிட்ஸுக்கு மட்டும்தான் இது புரியும் என்கிற வழக்கமான வாசகம். பத்து நிமிஷத்தில் இருபது இதயங்கள் விழுந்தன. கூடப் படித்த ஒருவன் மட்டும், “எனக்கு ஒங்க வீட்டு ஜன்னல் கம்பிதான்டே ஞாபகம் இருக்கு” என்று எழுதினான். பக்கத்தில் சிரிக்கும் பொம்மையும் போட்டிருந்தான்.

என் வேலை மென்பொருளில் பிழை தேடுவது. ஒரு பிழை வந்தால் முதலில் பார்ப்பது தேதியைத்தான்: எது எப்போது மாறியது? அந்த மீமையும் அப்படித்தான் பார்க்க ஆரம்பித்தேன்.

சக்திமான் தூர்தர்ஷனில் தொடங்கியது 1997 செப்டம்பரில். முடிந்தது 2005இல். ‘சித்தி’ தொடங்கியது 1999 டிசம்பரில். அதாவது, தொண்ணூறுகளில் அது ஓடியது ஏறக்குறைய பத்தே நாள்தான், மிச்சமெல்லாம் அடுத்த நூற்றாண்டு. ‘மெட்டி ஒலி’ தொடங்கியதே 2002இல். பல மீம்களில் கூடவே வரும் நோக்கியா 1100 கடைக்கு வந்தது 2003இல். தொண்ணூறுகள் என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் தொண்ணூறுகளே இல்லை.

இது மீம் போடுகிறவர்களின் அறியாமை இல்லை. ‘90ஸ் கிட்’ என்று நம்மூரில் சொல்வது தொண்ணூறுகளை ஒட்டிப் பிறந்தவர்களை. நான் பிறந்தது 1989. எனக்கு நினைவு தெளிவாக ஆரம்பிப்பது 1995 வாக்கில், பள்ளிக்கூடம் முடிந்தது 2007. அந்தப் பன்னிரண்டு வருஷத்துக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டோம். பெயர் பிறந்த வருஷத்தைச் சொல்கிறது, படம் வளர்ந்த வருஷங்களைக் காட்டுகிறது.

அப்படியானால் நம் கையிலிருக்கும் பழைய பொருளின் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? குருவிகுளம் வீட்டுப் பரணில் ஒரு அறுபது நிமிஷ கேசட் இருக்கிறது. சங்கரன்கோவிலில் ஒரு ரெக்கார்டிங் கடையில் பதிந்தது. பாட்டுப் பெயர்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம், ஒரு படத்துப் பாட்டு அநேகமாக அடங்கிவிடும். அட்டையில் அண்ணன் கையெழுத்தில் ‘சூர்யவம்சம்’, ‘காதலுக்கு மரியாதை’ என்று இருக்கிறது. இரண்டுமே 1997இல் வந்த படங்கள். ஆகவே இந்தப் பதிவு அதற்கு முன்னால் இருக்க முடியாது. கல்வெட்டில் ஒரு ராஜாவின் பெயர் இருந்தால் அந்தக் கல்வெட்டு அவருக்கு முந்தியது இல்லை என்று சொல்வார்களே, அதே கணக்கு.

ஆனால் கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தடுப்புகள் உடைக்கப்பட்டு, அந்த ஓட்டைகள் செலோ டேப்பால் மூடப்பட்டிருக்கின்றன. தடுப்பை உடைத்தால் அதன்மேல் பதிய முடியாது. யாரும் தெரியாமல் அழித்துவிடக் கூடாது என்று உடைப்பார்கள். மறுபடி பதிய வேண்டுமென்றால் ஓட்டையை மூட வேண்டும். ஆக, இதில் முன்னால் வேறு ஏதோ இருந்திருக்கிறது. இரண்டாம் பக்கத்தைக் கடைசி வரை ஓடவிட்டால் அது கேட்கிறது. ‘காதலுக்கு மரியாதை’ முடிந்து ஒரு ‘டக்’ சத்தம், பிறகு திடீரென்று பாதியிலிருந்து ‘சின்னத்தம்பி’ பாட்டு. அது 1991 படம். ரெக்கார்டரில் அழிக்கும் முனை முன்னால் ஓடும், பதியும் முனை பின்னால் வரும். புதிய பாட்டு எதுவரை போகிறதோ அதுவரைதான் பழையது அழியும். மிச்சமிருந்த நாலு நிமிஷத்தை யாரும் தொடவில்லை. அட்டை சொல்லாததை நாடாவின் கடைசி நாலு நிமிஷம் சொல்லிவிட்டது.

நண்பன் எழுதிய அந்த ஒரு வரியும் அப்படித்தான் எனக்குக் கேட்டது.

எங்கள் வீட்டில் டிவி இருந்தது. மொட்டைமாடியில் ஆன்டெனா. காற்றடித்தால் ஒருவன் மேலே ஏறித் திருப்ப, ஒருவன் கீழே இருந்து “இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்” என்று கத்த வேண்டும். தூர்தர்ஷனுக்கு அது போதும், மாசக் கட்டணம் கிடையாது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிறு மாலைப் படம், சக்திமான் எல்லாம் அந்தக் கம்பி வழியாக வந்தவை. சன் டிவி 1993இல் தொடங்கியது என்றாலும் அது செயற்கைக்கோள் சேனல். கேபிள் ஒயர் வீட்டுக்குள் வந்து, மாசாமாசம் காசு கொடுத்தால்தான் தெரியும். மீமில் சக்திமானும் ‘சித்தி’யும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஊரில் அவர்கள் இருவரும் ஒரே வீடுகளுக்கு வரவில்லை.

நண்பன் வீட்டுக்கு இருவருமே வரவில்லை. அவன் அம்மா வீட்டில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார், பள்ளிக்கூடம் விட்டால் அவனும் கூட உட்கார்ந்து ஒட்டுவான். ஞாயிற்றுக்கிழமை சக்திமான் நேரத்தில் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வருவான். உள்ளே எங்கள் தெருப் பையன்கள் ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்திருப்போம். அவன் வேறு தெரு. எங்கள் பக்கத்தில் வேறு தெரு என்றால் என்ன அர்த்தம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. “கால் பூரா மண்ணு, அங்கனயே நின்னு பாக்கட்டும்” என்று வீட்டில் சொல்வார்கள். உள்ளே இருந்த எங்கள் காலிலும் அதே கரிசல் மண்தான் ஒட்டியிருந்தது. இது எனக்கு அப்போது தோன்றவில்லை. இருபது வருஷம் கழித்தும் தோன்றவில்லை என்பதுதான் விஷயம்.

அவன் வீட்டுக்கு டிவி எப்போது வந்தது என்று அன்றைக்கு போன் பண்ணிக் கேட்டேன். “கலைஞர் டிவிதான்” என்றான். இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது 2006 செப்டம்பரில். 2011 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பதினான்கு அங்குலப் பெட்டி போனது. பல கட்டமாகக் கொடுத்தார்கள். அவன் வீட்டுக்கு வந்தபோது நான் இன்ஜினியரிங் முதல் வருஷம், அவன் கோவில்பட்டியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். சக்திமான் முடிந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, ‘மெட்டி ஒலி’யும் முடிந்துவிட்டது. இருவரும் ஒரே வருஷம் பிறந்து ஒரே வகுப்பில் படித்தவர்கள். மீம் சொல்லும் குழந்தைப்பருவம் அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது அவனுக்குப் பதினெட்டு வயது.

“அப்ப சக்திமான் ஒனக்குத் தெரியாதா?” என்று கேட்டேன்.

“தெரியாம என்ன? பாதி தெரியும். ஒங்க வீட்டு பீரோ ஒரு பக்கத்த மறைச்சிரும்லா. அவன் சுத்துறது தெரியும், எங்க போய் நிக்கான்னு தெரியாது. மறுநா கிளாஸ்ல ஒன்ட்டதானே கேப்பேன்.”

கேட்டிருக்கிறான். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து நான் கதை சொன்னது ஞாபகம் இருக்கிறது. எதற்காகக் கேட்கிறான் என்று யோசித்தது ஞாபகம் இல்லை. அவன் கதை கேட்க ஆசைப்படுகிறவன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மீமை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை. பேனாவும் பென்சிலும் கேசட்டும் பொய்யில்லை. கடைசியில் இருந்த அந்தத் தெருவே உட்கார்ந்திருக்கும் படம்தான் உறுத்தியது.

அன்றைக்கு ராத்திரி ஊருக்கு போன் பண்ணி அம்மாவிடம் அந்த ஜன்னலைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“ஜன்னலா? எந்த ஜன்னல்? அப்பல்லாம் எல்லாரும் ஒண்ணாத்தானய்யா உக்காந்து பாத்தீங்க.”