நிக்கல்ஸ் வரைபடத்தில் ஒத்ததிர்வு உச்சம்

பின்னூட்டச் சுற்று ஒன்றை மூடுவதற்கு முன்பே, மூடியபின் அது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு துள்ளும் என்று கணிக்க உதவும் வரைமுறை இது. திறந்த சுற்றின் கட்டம் கிடை அச்சிலும், அதன் பெருக்கம் டெசிபலில் செங்குத்து அச்சிலும் குறிக்கப்படும். அதே தாளில், மூடிய சுற்றின் வீச்சு மாறாதிருக்கும் புள்ளிகளை இணைத்த கோடுகள் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருக்கும். நிலவரைபடத்தின் சமவுயரக் கோடுகளைப் போல, இந்தச் சமவீச்சுக் கோடுகள் 0 டெசிபல், −180° என்ற புள்ளியைச் சுற்றி ஏறிக்கொண்டே போகும். திறந்த சுற்றின் வளைகோடு இவற்றுள் எந்த உயரமான கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறதோ, அதன் மதிப்பே ஒத்ததிர்வு உச்சம்.

ஹாரி நைக்விஸ்ட் 1932-இல் வெளியிட்ட நிலைத்தன்மை விதியில் இதன் வேர் இருக்கிறது. திறந்த சுற்றின் அதிர்வெண் பதிலை ஒரு தளத்தில் வரைந்து, அது −1 என்ற புள்ளியை எப்படிச் சுற்றுகிறது என்று பார்த்தால், மூடிய சுற்று நிலையாக இருக்குமா என்பது தெரியும் என்றார் அவர். தொலைபேசிப் பெருக்கிகளுக்கு அந்த விடை பெரிதும் உதவியது. பீரங்கியையும் ரேடார் ஆண்டெனாவையும் திருப்பும் சர்வோ அமைப்புகளுக்கோ அது போதவில்லை. நிலையாக இருந்தும் இலக்கைத் தாண்டி ஊசலாடும் ஆண்டெனாவால் விமானத்தைப் பின்தொடர முடியாது. எவ்வளவு ஊசலாடும் என்பதற்கும் ஒரு எண் தேவைப்பட்டது.

அந்த எண்ணைத் தந்தவர் எம்.ஐ.டி.யின் ஆல்பர்ட் சி. ஹால். 1943-இல் நேரியல் சர்வோ அமைப்புகளைப் பற்றி எழுதிய ஆய்வில், மூடிய சுற்றின் உச்ச வீச்சையே வடிவமைப்பின் அளவுகோலாக அவர் எடுத்துக்கொண்டார். திறந்த சுற்று L என்றால் மூடிய சுற்றின் வீச்சு M = |L / (1 + L)|. M மாறாதிருக்கும் புள்ளிகள் நைக்விஸ்ட் தளத்தில் துல்லியமான வட்டங்களாக அமையும். வட்டத்தின் மையம் −M²/(M² − 1), ஆரம் M/(M² − 1). வளைகோடு தொட்டுச்செல்லும் வட்டத்தைக் கண்டுபிடித்தால் உச்சம் கிடைத்துவிடும்.

ஆனால் வட்டங்களில் ஒரு சிரமம் இருந்தது. பெருக்கத்தை மாற்றினால் வளைகோடு முழுவதும் ஆதிப்புள்ளியிலிருந்து விரியும் அல்லது சுருங்கும். அதை மறுபடி வரையவேண்டியிருக்கும். இதைத் தீர்த்தவர் நத்தானியல் பி. நிக்கல்ஸ் (1914–1997). 1942-இல் சீக்லருடன் சேர்ந்து கட்டுப்படுத்திகளைச் சரிசெய்யும் விதிகளை வெளியிட்டவரும் இவரே. போர்க்காலத்தில் எம்.ஐ.டி. கதிர்வீச்சு ஆய்வகத்தில் பணியாற்றியபோது, அந்த வட்டங்களை மடக்கை அளவிலான பெருக்க–கட்டத் தளத்துக்கு அவர் மாற்றினார். மடக்கையில் பெருக்கல் கூட்டலாகிவிடும். அதனால் பெருக்கத்தை மாற்றும்போது வளைகோடு உருமாறாமல் மேலும் கீழும் மட்டுமே நகரும். ஒளி ஊடுருவும் தாளில் வளைகோட்டை ஒருமுறை வரைந்து, அச்சிட்ட கோடுகளின்மேல் வைத்து நகர்த்தினால் போதும். ஜேம்ஸ், பிலிப்ஸ் இருவருடன் நிக்கல்ஸ் எழுதி, அந்த ஆய்வகத்தின் நூல்வரிசையில் 25-ஆம் தொகுதியாக 1947-இல் வெளிவந்த சர்வோ அமைப்புகள் பற்றிய நூல் இந்த வரைபடத்தைப் பொறியாளர்களிடம் கொண்டுசேர்த்தது. வட்டங்கள் இங்கே வட்டங்களாக இல்லை. வடிவ அழகைக் கொடுத்து வேலைச் சுலபத்தை வாங்கிக்கொண்டார் நிக்கல்ஸ். அது சரியான பேரம் என்பதை ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் உணரலாம்.

L(s) = K / [s(1 + 0.5s)(1 + 0.1s)] என்ற அமைப்பில் முதலில் K = 4 என்று வைப்போம். வினாடிக்கு 2 ரேடியனில் பெருக்கம் 2.8 டெசிபல், கட்டம் −146°. 3 ரேடியனில் −3 டெசிபல், −163°. இந்த இரண்டு புள்ளிகளும் ஏறத்தாழ 5 டெசிபல் கோட்டின் மேல் விழுகின்றன. இத்துடன் நின்றுவிட்டால் உச்சம் 5 டெசிபல் என்று தோன்றும், அது தவறு. இடையில் 2.5 ரேடியனில் ஒரு புள்ளியைக் குறித்தால் (−0.3 டெசிபல், −155°) வளைகோடு உள்ளே இருக்கும் உயர்ந்த கோடுகளுக்குள் நுழைந்துவிட்டு வெளியேறுவது தெரியும். உண்மையான உச்சம் 7.3 டெசிபல், அதிர்வெண் ஏறத்தாழ 2.6 ரேடியன். −180° புள்ளியை நெருங்க நெருங்கக் கோடுகளின் மதிப்பு வேகமாக ஏறும். ஆகவே பெருக்கம் 0 டெசிபலைக் கடக்கும் இடத்தின் இருபுறமும் புள்ளிகளை நெருக்கமாக எடுக்கவேண்டும்.

இதே அமைப்பில் K = 12 வரை நிலைத்தன்மை குலையாது. அதாவது பெருக்க விளிம்பு 9.5 டெசிபல், அதை மட்டும் பார்ப்பவர் நிம்மதியாக இருந்துவிடுவார். ஆனால் 7.3 டெசிபல் என்றால் அந்த அதிர்வெண்ணில் உள்ளீடு 2.3 மடங்காகப் பெருகி வெளிவருகிறது என்று பொருள். விளிம்புகள் வளைகோட்டின் இரண்டே புள்ளிகளைச் சோதிக்கின்றன. சமவீச்சுக் கோடுகள் முழு வளைகோட்டையும் சோதிக்கின்றன. இம்முறையின் தனிப் பலம் இங்கேதான் இருக்கிறது.

உச்சம் 3 டெசிபலுக்குள் அடங்கவேண்டும் என்று கொள்வோம். 3 டெசிபல் கோடு −180° கோட்டை 10.7 டெசிபலிலும் −4.7 டெசிபலிலும் வெட்டும். −135° வரை வலப்புறம் நீளும். நம் வளைகோட்டைக் கீழே இறக்கிக்கொண்டே போனால், 5.5 டெசிபல் இறங்கியதும் அது இந்தக் கோட்டை உட்புகாமல் தொட்டுச்செல்கிறது. அப்போது K ஏறத்தாழ 2.12, தொடும் புள்ளி −140°, −0.5 டெசிபல், அதிர்வெண் 1.7 ரேடியன். இதற்கு விலையும் உண்டு. மூடிய சுற்றின் அலைவரிசை அகலம் 4 ரேடியனிலிருந்து ஏறத்தாழ 2.8-ஆகக் குறைகிறது. சீராக நகரும் இலக்கைப் பின்தொடரும்போது ஏற்படும் பிழை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அந்தப் பிழையைப் பொறுக்கமுடியாதபோதுதான் பெருக்கத்தைக் குறைப்பதை விட்டுவிட்டு, கட்டத்தை முன்னேற்றும் ஈடுசெய்வியைச் சேர்த்து வளைகோட்டையே வலப்புறம் வளைக்கிறார்கள்.

கோடுகளை நம்புவதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. பின்னூட்டப் பாதையின் பெருக்கம் 1-ஆக இருக்கவேண்டும். உணரியின் பெருக்கம் H வேறாக இருந்தால், வாசித்த மதிப்பை H-இன் வீச்சால் வகுத்தபின்னரே உண்மையான வெளியீடு கிடைக்கும். இரண்டாவது இன்னும் முக்கியமானது: நிலைத்தன்மையைத் தனியாக உறுதிசெய்துகொள்ளவேண்டும். மேற்சொன்ன அமைப்பில் K = 20 என்று வைத்தால் மூடிய சுற்று நிலைகுலைந்துவிடும். ஆனாலும் வளைகோடு 0 டெசிபல், −180° என்ற புள்ளியின் மறுபுறமாகச் சென்று 15.5 டெசிபல் கோட்டைத் தொடும். எண் தெளிவாகவே கிடைக்கும். அதற்குப் பொருள்தான் இருக்காது. அந்த −180° புள்ளி வளைகோட்டின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வரைபடத்தில் முதலில் பார்த்துவிடவேண்டும்.

கணினிகள் வந்தபின் உச்சத்தைக் கணக்கிட வரைபடம் தேவைப்படவில்லை. மேட்லேபில் `nichols`, `ngrid` என்ற இரண்டு கட்டளைகளே வளைகோட்டையும் கோடுகளையும் வரைந்துவிடும். ஆனால் ஐசக் ஹொரோவிட்ஸ் வளர்த்தெடுத்த அளவுசார் பின்னூட்டக் கோட்பாடு இதே தளத்துக்குப் புதிய வேலை தந்தது. சுமை, வெப்பநிலை போன்றவை மாறும் அமைப்பில், ஒவ்வொரு அதிர்வெண்ணும் ஒரு புள்ளியாக இல்லாமல் ஒரு பரப்பாக விரிகிறது. கட்டுப்படுத்தியின் பெருக்கமும் கட்டமும் அந்தப் பரப்பை நகர்த்துமே தவிர அதன் வடிவத்தை மாற்றுவதில்லை. அப்பரப்பின் எந்த மூலையும் அனுமதித்த சமவீச்சுக் கோட்டுக்குள் நுழையாதபடி அதை நகர்த்தி, அந்த அதிர்வெண்ணுக்குரிய எல்லையை வகுக்கிறார்கள்.