பத்மநாபசுவாமி கோயில் வழக்கு: சட்டத்தில் உள்ள சொல்லுக்கு உரியவர் இல்லாதபோது நீதிமன்றம் முடிவெடுத்தது எப்படி?

திருவனந்தபுரம்: பத்மநாபசுவாமி கோயிலின் நிர்வாகம் 'திருவிதாங்கூர் ஆட்சியாளரின்' கட்டுப்பாட்டில் இருக்கும் என்கிறது 1950-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சி இந்து சமய நிறுவனங்கள் சட்டம். அப்போது அந்தச் சொல் யாரைக் குறிக்கிறது என்பதில் ஐயம் இல்லை. சித்திரைத் திருநாள் பலராம வர்மாவே ஆட்சியாளர்.

1971-இல் 26-ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தம் மன்னர்களுக்கான அங்கீகாரத்தையும் மானியத்தையும் ஒழித்தது. அதற்கு முன் அங்கீகரிக்கப்பட்டவர் மட்டுமே 'ஆட்சியாளர்' என விளக்கமும் மாறியது. 1991-இல் பலராம வர்மா காலமானார். அவருடைய தம்பி உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா பொறுப்பேற்றார். ஆனால், அவர் குடியரசுத் தலைவரால் அங்கீகரிக்கப்பட்டவர் அல்லர். விதி அப்படியே இருந்தது. அதற்குப் பொருந்தும் மனிதர் இல்லை.

இத்தகைய இடத்தில் சட்டத் தத்துவ அறிஞர்கள் இருவேறு விடைகளைத் தருகின்றனர். விதிகளின் சொற்களுக்கு ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டினால் நீதிபதி தமது விருப்புரிமையைக் கொண்டு புதிதாக முடிவெடுக்கிறார் என்றார் பிரிட்டனின் எச்.எல்.ஏ. ஹார்ட். அமெரிக்காவின் ரொனால்ட் டுவொர்கின் இதை மறுத்தார். விதி தீர்ந்தாலும் சட்டத்தின் கோட்பாடுகள் எஞ்சியிருக்கும் என்பது அவர் வாதம். விதி பொருந்தும் அல்லது பொருந்தாது. கோட்பாடுகளையோ ஒன்றோடொன்று எடைபோட வேண்டும். சொத்துக்காகத் தாத்தாவைக் கொன்ற பேரன் உயிலின்படி வாரிசாக முடியாது என 1889-இல் நியூயார்க் நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அவர் சான்றாகக் காட்டினார். தடை விதிக்கும் சட்டப்பிரிவு அப்போது இல்லை. தன் குற்றத்தால் ஒருவர் பயன்பெறக் கூடாது என்ற கோட்பாடே வென்றது.

கோயில் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 31-இல் சொல்லின் பொருளையே பற்றிக்கொண்டது. ஆட்சியாளர் என ஒருவர் இனி இல்லை, எனவே நிர்வாகத்தை மாநில அரசு ஏற்க வேண்டும் என்றது.

உச்ச நீதிமன்றம் வேறு கேள்வியிலிருந்து தொடங்கியது. அந்த அதிகாரம் பதவிக்குத் தரப்பட்டதா, குடும்பத்தின் மரபுரிமைக்கா? இறைவன் சார்பில் கோயிலை நிர்வகிக்கும் 'ஷெபைத்' உரிமை வழிவழியாக இறங்கக்கூடியது. 1971-ஆம் ஆண்டுத் திருத்தம் அரசியல் சிறப்புரிமையைப் பறித்ததே தவிர இதைத் தொடவில்லை. ஆகவே, இவ்விதியில் 'ஆட்சியாளர்' என்பது வழக்காற்றின்படி வரும் வாரிசையும் குறிக்கும் என நீதிபதிகள் யு.யு. லலித், இந்து மல்ஹோத்ரா அமர்வு 2020 ஜூலை 13-இல் தீர்ப்பளித்தது.

டுவொர்கின் பக்கம் நிற்போருக்கு இது நல்ல சான்று. எனினும், ஹார்ட் தரப்புக்கும் பதில் உண்டு: மன்னர் பதவி ஒழிந்தது என்பதும் அரசமைப்பின் கோட்பாடுதான். எதற்கு எடை அதிகம் என்பதை எந்தச் சட்டப்பிரிவும் சொல்லவில்லை. அங்கே இரு நீதிமன்றங்களும் பிரிந்தன.

உரிமை குடும்பத்துக்கு என்றாலும், அன்றாட நிர்வாகம் அதனிடம் விடப்படவில்லை. கோயில் பொதுக்கோயில் என்பதால், திருவனந்தபுரம் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் அது ஒப்படைக்கப்பட்டது. அறங்காவலர், மாநில அரசு, மத்திய கலாச்சார அமைச்சகம் ஆகியவற்றின் பிரதிநிதிகளும் தலைமைத் தந்திரியும் அதில் இடம்பெறுகின்றனர்.