வரைந்த நிழலும் விழுந்த நிழலும்

1920ஆம் ஆண்டு பேர்லினில் திரையிடப்பட்ட ‘டொக்டர் கலிகரியின் கூடம்’, ஜேர்மன் வெளிப்பாட்டுவாத சினிமாவின் முதற் பெரும் படைப்பாகக் கொள்ளப்படுவது. றொபேர்ட் வீன இயக்கிய இப்படத்திற்கு ஹேர்மன் வார்ம், வால்ற்றர் றைமான், வால்ற்றர் றோறிக் ஆகிய மூவரும் அரங்கமைத்தனர். சாய்ந்த சுவர்களும் கோணலான சாளரங்களும் துணித்திரைகளில் தீட்டப்பட்டன. ஒளிக்கீற்றும் நிழலுங்கூடத் தூரிகையாலேயே வரையப்பட்டன. பித்துற்ற மனம் காணும் உலகையே புறவுலகாகக் காட்டுதல் அவர்தம் நோக்கமாயிருந்தது.

ஆயின் வரைந்த நிழலுக்கு ஓர் எல்லையுண்டு. அது அசையாது. நடிகன் நகர்கையில் விளக்கொளியால் விழும் அவனது உண்மை நிழல், சுவரில் தீட்டிய நிழலோடு முரண்படலாம். எனவே நடிகனும் ஓவியத்தோடு ஒத்திசைய வேண்டியிருந்தது. கொன்ராட் வைற் ஏற்ற சேசார் என்னும் பாத்திரம் சுவரோடு சுவராய் ஒட்டி ஊர்ந்து செல்வது இதனாலேயே பொருத்தமாகத் தோன்றுகின்றது. இம்முறையைப் பின்வந்தோர் அவ்வாறே பின்பற்றுதல் எளிதன்று.

1922இல் மூர்னோ இயக்கிய ‘நொஸ்பெராட்டு’ வேறு வழியை நாடியது. அது பெரிதும் உண்மையான தெருக்களிலும் கட்டிடங்களிலும் படமாக்கப்பட்டது. விளக்கைத் தாழ்வாகவும் உருவத்திற்கு அண்மையாகவும் வைத்தால் சுவரில் விழும் நிழல் பன்மடங்கு பெருக்கும். படிக்கட்டில் ஏறும் பிசாசின் உடல் தோன்றாது, நீண்ட விரல்களையுடைய நிழல் மாத்திரம் ஏறுகின்றது. பிற்காலத் திகிற் படங்கள் சுவீகரித்துக்கொண்டது கோணல் அரங்கையன்று, இவ்வொளியமைப்பையே எனலாம். ஜேர்மனியில் ‘கோலெம்’ படத்தை ஒளிப்பதிவு செய்த கார்ல் புறொயின்ட், 1931இல் அமெரிக்காவில் ‘டிராகுலா’வுக்கும் ஒளிப்பதிவாளரானமை இத்தொடர்ச்சியைக் காட்டும்.

இந்தியாவுக்கும் இத்தகைய தொடர்பொன்று உண்டு. மியூனிக் நகரத்தவரான யோசப் விர்ஷிங், 1925இல் வெளிவந்த ‘ஆசிய ஜோதி’ படத்தின் பொருட்டு இந்தியா வந்தார். 1934இல் ஹிமான்சு ராயும் தேவிகா ராணியும் நிறுவிய பம்பாய் டாக்கீசில் ஒளிப்பதிவாளராகப் பணிபுரிந்தார். போர்க்காலத்தில் ஜேர்மனியர் என்பதால் தடுத்துவைக்கப்பட்ட அவர், பின்னர் 1949இல் கமால் அம்ரோஹியின் ‘மஹால்’ படத்தை ஒளிப்பதிவு செய்தார். அதில் மாளிகைச் சுவர்கள் நேராகவே நிற்கின்றன. சட்டகத்தின் பெரும்பகுதியை இருளுக்கு விட்டு, முகத்திலோ தூணிலோ மாத்திரம் ஒளி படுவதனாலேயே அச்சம் பிறக்கின்றது.

இரு படங்களின் முடிவுகளும் ஒப்புநோக்கத்தக்கவை. ‘மஹாலில்’ ஆவியெனக் கருதப்பட்டவள் தோட்டக்காரனின் மகளே எனத் தெரியவருகின்றது. ‘கலிகரியில்’ கதை சொன்னவனே மனநோயாளி எனப்படுகின்றான். ஆயினும் இறுதியிற் காணும் மனநோய் விடுதியின் முற்றத் தரையிலும் அதே கோணற்கோடுகள் தொடர்கின்றன. கதை தரும் விளக்கத்தைக் காட்சி முற்றாக ஏற்கவில்லை. பகுத்தறிவு அச்சத்தை விளக்கிவிட்ட பின்னரும் எஞ்சிநிற்கும் இந்த ஐயமே, ஜேர்மன் வெளிப்பாட்டுவாதம் திகிற் சினிமாவுக்கு விட்டுச்சென்ற உண்மையான முதுசொம் ஆகும்.