மீட்பு

'மீள்' என்ற வினையடியாகப் பிறந்த சொல் மீட்பு. அடகு நகையை மீட்பதுபோல, கடனை அடைத்து அடமான வீட்டை மீட்கும் உரிமையைச் சொத்து மாற்றச் சட்டம், 1882-இன் 60-ஆம் பிரிவு தருகிறது. 'மூன்று தவணை தவறினால் வீடு வங்கிக்கே சொந்தம்' என்று அடமானப் பத்திரத்தில் எழுதினாலும் அது செல்லாது. ஆனால், 'தவறினால் முழுக் கடனையும் உடனே கட்ட வேண்டும்' என்ற வாசகம் செல்லும், ஆபத்து அதில்தான். கடன் வாராக்கடனானதும், சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோகலாம். ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே பாக்கியைச் செலவுத்தொகையுடன் கட்டினால்தான் மீட்பு உண்டு. எத்தனை தவணை தவறினால் முழுக் கடனும் கேட்கப்படும், அதற்கு முன் எத்தனை நாள் அவகாசம் என்பதைப் பார்த்தபின் கையெழுத்திடுங்கள்.